"87% ஏஐ" என்று ஒரு கிளையன்ட் சொன்னபோது: ஒரு பதில் கடிதம் உருவான விதம்

"உங்கள் கட்டுரையை டிடெக்டரில் போட்டுப் பார்த்தோம். 87% ஏஐ என்று நிரூபணமாகிவிட்டது. இன்வாய்ஸை நிறுத்தி வைத்திருக்கிறோம். மனிதர் எழுதிய கட்டுரையை அனுப்பினால் மேற்கொண்டு பேசலாம்."

மெயில் இவ்வளவுதான். கூடவே, எழுதியது மனிதரா ஏஐயா என்று கணிக்கும் அந்த டிடெக்டர் கருவியின் ஒரு ஸ்கிரீன்ஷாட்: சிவப்பு வட்டத்துக்குள் அந்த எண், அதன் கீழே மஞ்சள் பூசிய வாக்கியங்கள்.

மெயிலைப் பெற்றவர் ஆங்கிலத்தில் தொழில்நுட்பக் கட்டுரைகள் எழுதும் ஒரு ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர். அனுப்பியது ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கன்டென்ட் பிரிவு. சிறு அலுவலகங்கள் தங்கள் கோப்புகளை எப்படி பேக்கப் எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் கட்டுரையின் பொருள், சுமார் 1,800 சொற்கள். அந்த எழுத்தாளர் எனக்குப் பல வருடப் பழக்கம், இந்தக் கட்டுரையை வரைவு நிலையிலேயே படித்துக் குறிப்பு எழுதிக் கொடுத்ததும் நான்தான், அதனால் நான் நடுநிலை ஆள் கிடையாது. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். ஆனால் பதிலில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று நாங்கள் உட்கார்ந்து யோசித்தது இதே மெயில் வரும் இன்னொருவருக்கு உதவும் என்று தோன்றியது.

அனுப்பாமல் விட்ட பதில்

அவர் முதலில் எழுதி வைத்திருந்த பதில் கோபத்தில் தொடங்கியது. எத்தனை வருடமாக எழுதுகிறேன், என்னைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்ற ரீதியில். நியாயமான கோபம்தான். ஆனால் நிஜமாகவே ஏஐயில் எழுதிவிட்டு மாட்டிக்கொண்ட ஒருவரும் இதே வரியைத்தான் எழுதுவார், ஆகவே படிக்கிறவருக்கு அதிலிருந்து புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை.

அடுத்த பத்திதான் எனக்கு உறுத்தியது. அதே கட்டுரையை வேறு மூன்று டிடெக்டர்களில் போட்டுப் பார்த்து, ஒன்று 4% என்கிறது, இன்னொன்று 31% என்கிறது, மூன்றாவது "பெரும்பாலும் மனிதர்" என்கிறது, பாருங்கள், என்று எழுதியிருந்தார். பார்க்க வலுவான வாதம் போலத் தெரியும். ஆனால் இப்படிச் சொன்ன அந்த நொடியிலேயே டிடெக்டர் சொல்வது சாட்சியம்தான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும், மிச்சம் இருப்பது யாருடைய டிடெக்டர் நல்ல டிடெக்டர் என்ற சண்டை மட்டும். கிளையன்ட் ஐந்தாவதாக ஒன்றில் போட்டு 95% என்று கொண்டுவந்தால் என்ன சொல்வது? தவிர, இன்னும் வெளிவராத, பிறருக்காக எழுதிய கட்டுரையை முன்பின் தெரியாத தளங்களில் ஒட்டுவதே சில ஒப்பந்தங்களில் ரகசியக் காப்புப் பிரிவை மீறுவதாகும். இவருடைய ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு இல்லை. உங்களுடையதில் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஒரு சமாதான வரி: "வேண்டுமானால் எண் குறையும்வரை மாற்றி எழுதித் தருகிறேன்." இதைத்தான் முதலில் அடிக்கச் சொன்னேன். இலவசமாக வேலை செய்வதாகச் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே இது படிக்கப்படும். அப்புறம், எண்ணைக் குறைப்பதற்காக எழுதுவது என்றால் நேரான சொல்லை எடுத்துவிட்டு அதிகம் புழங்காத சொல்லைப் போடுவது, தெளிவான வாக்கியத்தைச் சிக்கலாக்குவது என்றுதான் போகும். கட்டுரை கெட்டுப்போகும்.

அந்த 87 எதைச் சொல்கிறது

பதில் எழுதுவதற்கு முன் அந்த எண் எதன் அளவு என்பதில் தெளிவு வேண்டும், ஏனென்றால் கிளையன்ட் அதைக் கட்டுரையில் 87 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று புரிந்துகொண்டிருந்தார். சில கருவிகளில் சதவீதம் என்பது கட்டுரையின் எவ்வளவு பகுதி சந்தேகத்துக்குரியது என்பதைக் காட்டும். வேறு சிலவற்றில் அது கருவி தன் கணிப்பின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையின் அளவு, கட்டுரையின் பங்கோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. இந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு அது எந்த வகை என்று சொல்ல முடியவில்லை. அதுவே கேட்க வேண்டிய முதல் கேள்வி.

எந்த வகையானாலும் அடிப்படை ஒன்றுதான். "மழை வரும் போலிருக்கிறது, கையோடு குடையை" என்று எழுதி நிறுத்தினால் அடுத்து வரும் சொல் "எடுத்துக்கொள்" என்று நமக்கே தெரியும். சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருக்கும் மொழி மாடலுக்கும் தெரியும். அடுத்தடுத்த சொற்கள் எதிர்பார்த்தபடியே வந்துகொண்டிருந்தால் அந்த எழுத்துக்குப் பெர்ப்ளெக்சிட்டி குறைவு என்பார்கள், ஆரம்பகால டிடெக்டர்கள் பெரும்பாலும் இதையும் வாக்கிய நீளங்கள் எவ்வளவு மாறுகின்றன என்பதையும் வைத்தே முடிவு சொன்னன. இப்போதுள்ளவை பலவும் மனிதர் எழுதியது, மாடல் எழுதியது என்று இரண்டு குவியல்களைக் காட்டிப் பழக்கிய வகைப்படுத்திகள். இரண்டு வழியிலும் கருவி பார்ப்பது எழுத்தின் சாயலை மட்டும்தான். யார் எப்போது எப்படி எழுதினார்கள் என்ற வரலாறு அதன் முன்னால் இல்லவே இல்லை.

காப்பி கண்டுபிடிக்கும் மென்பொருளோடு இதை ஒன்றாக நினைப்பதால்தான் "நிரூபணம்" என்ற சொல் வருகிறது. காப்பி அறிக்கை, இந்த வாக்கியம் இந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று மூலத்தைக் காட்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்து யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம், அறிக்கை தப்பென்றால் தப்பு என்றும் காட்டலாம். டிடெக்டருக்கு மூலம் கிடையாது. அது சொன்னதை மூன்றாவது ஆள் சரிபார்க்க வழியே இல்லை. எங்கள் பதிலின் முதுகெலும்பு இதுதான்.

டிடெக்டர்கள் எவ்வளவு தவறு செய்யும் என்பதற்குப் பொதுவில் கிடைக்கும் நேர்மையான கணக்கு ஒன்று உண்டு. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் தன் சொந்த டிடெக்டரை வெளியிட்டபோது, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடிக்கிறது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொல்கிறது என்று தானே அறிவித்தது. துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் அதை எடுத்தும் விட்டது. 100 கட்டுரைகள் வருகின்றன, அதில் 10 மட்டும் ஏஐ என்று வைத்துப் பாருங்கள். அந்தக் கருவி அந்த 10-ல் சுமார் 3-ஐப் பிடிக்கும், மீதி 90-ல் சுமார் 8 அப்பாவிகளையும் சேர்த்துப் பிடிக்கும். கையில் சிக்கிய 11 பேரில் 8 பேர் தாங்களே எழுதியவர்கள்.

அது பழைய கருவி, இப்போது எவ்வளவோ முன்னேறிவிட்டது என்பார்கள். சரி, முன்னேறியதாகவே வைத்துக்கொள்வோம்: ஏஐ எழுதியதில் 90% பிடிக்கிறது, மனிதர்களில் 1% மட்டுமே தவறாகச் சிக்குகிறார்கள். அதே 100-ல் 9 சரியாகவும் 1 தவறாகவும் மாட்டும். அதாவது குற்றம் சாட்டப்படும் பத்துப் பேரில் ஒருவர் அப்பாவி. ஒருவருடைய சம்பளத்தை நிறுத்த இது போதுமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம். அந்த 1% கூட விற்கிறவர் சொல்லும் எண். தன் கருவி 98% துல்லியம் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் மேல் வணிக மோசடிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025-ல் நடவடிக்கை எடுத்தது, பொதுவான எழுத்தில் சோதித்தபோது துல்லியம் 53% தான் என்பது அதன் புகார். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

எங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்றும் இருக்கிறது. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கும் மேல் ஏஐ என்று வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் இந்தத் தவறு மிகக் குறைவாகவே வந்தது. கற்றுக்கொண்ட மொழியில் எழுதுபவர் தெரிந்த, பாதுகாப்பான சொற்களையே தேர்ந்தெடுக்கிறார், அது எதிர்பார்த்த சொல்லாகவும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த 91 கட்டுரைகளின் சொல்வளத்தை சாட்ஜிபிடியிடமே கொடுத்து மெருகேற்றிய பிறகு தவறான குற்றச்சாட்டு 11.6 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இந்த ஆய்வைக் கடிதத்தில் போட எனக்கு ஆசையாக இருந்தது, எழுத்தாளர் வேண்டாம் என்றார். இது மாணவர் கட்டுரைகளை அன்றைய கருவிகளில் சோதித்தது, இன்றைய கருவி, என் கட்டுரை என்று அப்படியே பொருத்த முடியாது, தவிர "எனக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை" என்று ஒரு கிளையன்டிடம் நானே எடுத்துக்கொடுக்க மாட்டேன் என்றார். அவர் சொன்னது சரி.

மஞ்சள் பூசிய வாக்கியங்கள்

அந்த ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணைவிட மஞ்சள் நிறம்தான் உபயோகமான தகவல். எவை மஞ்சள், எவை இல்லை என்று வரிசையாகக் குறித்தோம். பேக்கப் என்றால் என்ன என்ற விளக்கம், மஞ்சள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதியைச் சொல்லும் பத்தி, முழுக்க மஞ்சள். முடிவில் வரும் சரிபார்ப்புப் பட்டியலும் மஞ்சள். இந்த விதியைப் புதிதாகச் சொல்ல வழியில்லை, யார் எழுதினாலும் கிட்டத்தட்ட இதே சொற்கள்தான் வரும்.

நிறம் படாமல் நின்றது நடுவில் வரும் ஒரு பகுதி. கோப்புகளை மீட்டுக் கொடுக்கும் டெக்னீஷியன் ஒருவரிடம் பேசி எழுதியது. வெளி ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் கணினியில் செருகியே வைத்திருந்த ஓர் அலுவலகத்தில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தபோது அது கணினியோடு சேர்த்து அந்த டிஸ்க்கையும் பூட்டிவிட்டது, ஆக பேக்கப் இருந்தும் இல்லாமல் போனது என்று அவர் சொன்ன விவரம்.

இன்னொன்றும் கவனித்தோம். கட்டுரை எப்படி இருக்க வேண்டும் என்று கிளையன்ட் கொடுத்த பிரீஃபை எடுத்துப் படித்தால், ஒவ்வொரு வாக்கியமும் 20 சொல்லுக்குள் இருக்க வேண்டும், எட்டாம் வகுப்பு மாணவருக்குப் புரியும் அளவு எளிமை வேண்டும், ஒவ்வொரு பகுதியும் ஒரு விளக்கத்தோடு தொடங்க வேண்டும், தலைப்புகளில் தேடுசொல் வர வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. வாக்கிய நீளம் மாறக் கூடாது, சொல் எளிமையாக இருக்க வேண்டும், அமைப்பு சீராக இருக்க வேண்டும்: டிடெக்டர் எதையெல்லாம் இயந்திரச் சாயல் என்று எடுத்துக்கொள்கிறதோ அதையெல்லாம் எழுத்தாளரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கையில் இருந்த ஆதாரம்

வரைவு கூகுள் டாக்ஸில் எழுதப்பட்டது, ஆகவே `File → Version history → See version history` என்று போனால் எப்போது என்ன மாறியது என்று பார்க்கலாம். இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பார்வை அனுமதி மட்டும் உள்ளவருக்கு இந்த வரலாறு தெரியாது, திருத்தும் அனுமதி வேண்டும். `Make a copy` போட்டு அனுப்பினால் பழைய வரலாறு புதுப் பிரதியோடு வராது. அதனால் கோப்பைக் கையில் கொடுக்காமல் ஸ்கிரீன் ஷேரில் காட்டுவது என்று முடிவு செய்தோம்.

அந்த வரலாற்றில் ஓர் இடம் கண்ணை உறுத்தும்: சுமார் 300 சொற்கள் ஒரே அடியாக வந்து விழுகின்றன. வெளியில் இருந்தபோது போனின் நோட்ஸில் எழுதி, பிறகு ஒட்டிய பகுதி அது. சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர் முதலில் அங்கேதான் போவார், எனவே அவர் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட வேண்டும். போன் குறிப்பும் அதன் தேதியும் அப்படியே இருந்தன.

திருத்த வரலாறு முழு நிரூபணமா என்றால், இல்லை. ஏஐ கொடுத்ததைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யலாம், மெதுவாகத் தட்டச்சு செய்வது போல் நடிக்கும் மென்பொருள்கூட இருக்கிறது. வேர்டில் வரும் மொத்தத் திருத்த நேரம் இன்னும் மோசம், கோப்பு சும்மா திறந்து கிடந்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். நம்பிக்கை தருவது மணிக்கணக்கு அல்ல, வெளியில் நடந்த ஒன்றோடு பொருந்தும் மாற்றம். இவருடைய வரைவில் அப்படி ஒன்று அழகாகக் கிடைத்தது. முதலில், கணினியிலும் இணையச் சேமிப்பிலும் கோப்புகளை ஒன்றுபோல் வைத்திருக்கும் கிளவுட் சிங்க்கைப் பேக்கப் வழிகளில் ஒன்றாக எழுதியிருந்தார். டெக்னீஷியனோடு பேசிய அன்று மாலை அந்தப் பத்தி அழிந்து, சிங்க் என்பது பேக்கப் அல்ல, கணினியில் அழித்தால் கிளவுடிலும் அழிந்துவிடும் என்று புதிய பத்தி வருகிறது. பேசிய நேரம் அழைப்புப் பதிவில் இருக்கிறது, கேள்விகள் மெயிலில் இருக்கின்றன, மாற்றம் வரலாற்றில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் போலியாகத் தயாரிப்பது, கட்டுரையை எழுதுவதைவிடப் பெரிய வேலை.

ஒப்பந்தத்தையும் படித்தோம். சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும், காப்பி கூடாது. குறை இருந்தால் எது குறை என்று 7 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். பணம் வந்த பிறகே உரிமை கைமாறும். ஏஐ பற்றியோ டிடெக்டர் பற்றியோ ஒரு சொல் இல்லை. இது நமக்குச் சாதகம்தான், ஆனால் கடிதத்தில் இதை எங்கே வைப்பது என்பதில் எச்சரிக்கை வேண்டும். "ஏஐ கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லையே" என்று ஆரம்பித்தால் படிப்பவர் காதில் அது வாக்குமூலமாகத்தான் விழும்.

அனுப்பிய பதில்

பெயர்களை எடுத்துவிட்டு, தமிழில் தருகிறேன்.

> வணக்கம்.
>
> பேக்கப் கட்டுரையை நான்தான் எழுதினேன். எந்தப் பகுதியையும் ஏஐ மூலம் உருவாக்கவில்லை. எழுத்துப்பிழையும் நிறுத்தற்குறியும் பார்க்க ஓர் இலக்கணத் திருத்தி பயன்படுத்தினேன், அதன் மாற்றியெழுதும் வசதியைப் பயன்படுத்தவில்லை.
>
> கட்டுரை யாருடையது என்று உறுதி செய்துகொள்ள நீங்கள் நினைப்பது நியாயம். ஆனால் நீங்கள் அனுப்பிய அறிக்கை அதை உறுதி செய்யாது. காப்பி அறிக்கை போல இது எந்த மூலத்தையும் காட்டவில்லை, ஆகவே நீங்களோ நானோ வேறு யாருமோ இதைச் சரிபார்க்க முடியாது. எழுத்து எவ்வளவு எதிர்பார்த்தபடி இருக்கிறது என்ற மதிப்பீடுதான் இது. 87% என்பது கட்டுரையின் பங்கா, கருவியின் நம்பிக்கை அளவா என்பதையும், இந்தக் கருவி மனிதர் எழுதியதைத் தவறாகக் குறிக்கும் விகிதம் என்ன என்பதையும் தெரிவியுங்கள்.
>
> மஞ்சள் குறிக்கப்பட்டவை பெரும்பாலும் விளக்கங்களும் 3-2-1 விதியும்தான். உங்கள் பிரீஃப் கேட்ட குறுகிய வாக்கியம், எளிய சொல், சீரான அமைப்பு ஆகியவற்றைப் பின்பற்றி எழுதிய பகுதிகள் அவை. டெக்னீஷியனிடம் பேசி எழுதிய பகுதி குறிக்கப்படவில்லை.
>
> இந்தக் கட்டுரை உருவான விதத்தைக் காட்ட என்னிடம் இருப்பவை: நீங்கள் ஒப்புதல் தந்த சட்டகம், டெக்னீஷியனுக்கு அனுப்பிய கேள்விகள், பேசியபோது எடுத்த குறிப்பு, முழுத் திருத்த வரலாறு, வரைவைப் படித்த என் எடிட்டர் நண்பரின் குறிப்புகளும் என் பதில்களும். ரான்சம்வேர் பற்றிய பகுதியில் 300 சொற்கள் ஒரே முறையில் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அது போனில் எழுதியது, மூலக் குறிப்பு இருக்கிறது. அரை மணி நேர அழைப்பில் ஸ்கிரீன் ஷேர் செய்து இவற்றைக் காட்டுகிறேன். எந்தப் பத்தியையும் தேர்ந்தெடுத்து, இது எங்கிருந்து வந்தது, ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேளுங்கள்.
>
> அதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சாட்ஜிபிடி வெளிவந்த 2022 நவம்பருக்கு முன் உங்கள் குழுவினர் எழுதிய, இதே வகைக் கட்டுரைகள் சிலவற்றை, முடிந்தால் வெளியிடாத வரைவுகளை, அதே கருவியில் போட்டுப் பாருங்கள். முடிவை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
>
> ஒப்பந்தப்படி, குறை இருந்தால் அது எது என்று 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தகவல் பிழை, பிரீஃபிலிருந்து விலகல், காப்பி ஆகியவற்றில் எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. டிடெக்டர் எண் ஒப்பந்தத்தில் நிபந்தனையாக இல்லை. குறை ஏதும் சுட்டப்படாத நிலையில் இன்வாய்ஸ் அதன் தேதியில் நிலுவையாகிறது. கட்டுரை வேண்டாம் என்று முடிவு செய்தால் எழுத்தில் தெரிவியுங்கள், அந்நிலையில் உரிமை என்னிடமே இருக்கும், கட்டுரையை வெளியிட வேண்டாம்.
>
> டிடெக்டர் எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் கட்டுரையை மாற்றி எழுத மாட்டேன், அதில் வாசகருக்கு எந்தப் பயனும் இல்லை. உள்ளடக்கத்தில் திருத்தம் தேவை என்றால் ஒப்பந்தத்தில் உள்ள ஒரு முறைத் திருத்தத்தைச் செய்து தருகிறேன்.
>
> அழைப்புக்கு உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள்.

இதில் "நிரூபணம்" என்ற சொல்லை எங்கள் பக்கத்துக்கும் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓப்பன்ஏஐ கணக்கு, டிரேட் கமிஷன், ஸ்டான்ஃபோர்டு எதுவும் உள்ளே இல்லை. அவர்கள் பதிலுக்கு வாதாடினால் எடுக்கலாம் என்று வைத்திருந்தோம். முதல் கடிதத்திலேயே ஆய்வுகளைக் கொட்டினால் பேச்சு கட்டுரையை விட்டு டிடெக்டர்களைப் பற்றியதாகிவிடும்.

பழைய கட்டுரைகளைச் சோதிக்கச் சொன்ன இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, "வெளியிடாத வரைவுகளை" என்று சேர்த்தது அதனால்தான். 2023-ல் அமெரிக்க அரசியல் சாசனத்தையே ஏஐ எழுதியது என்று ஒரு டிடெக்டர் சொன்னதைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். மாடல்கள் அதைப் பயிற்சியின்போதே எத்தனையோ முறை பார்த்திருப்பதால் அடுத்த சொல் அவற்றுக்குத் தெரிந்த சொல்லாக இருக்கிறது. இணையத்தில் வெளிவந்துவிட்ட பழைய கட்டுரைக்கும் கொஞ்சம் அந்த நிலை வரலாம், அதைச் சுட்டிக்காட்டி விவரம் தெரிந்த ஒருவர் சோதனையையே நிராகரிக்கலாம். வெளிவராத வரைவில் அந்த ஓட்டை இல்லை. முடிவைச் சொல்ல வேண்டாம் என்றது வேறு காரணத்துக்காக: தாங்கள் தப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டிய நிலையில் ஒருவரை நிறுத்தினால் அவர் சோதனையே செய்ய மாட்டார்.

பிறகு நடந்தது

அடுத்த இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு கன்டென்ட் பிரிவின் தலைவர் அழைப்புக்கு நேரம் கொடுத்தார், கூடவே இளைய எடிட்டர் ஒருவரும் வந்திருந்தார். அந்த ஒட்டிய 300 சொற்களைத்தான் முதலில் கேட்டார்கள். அப்புறம் சிங்க் பத்தி ஏன் மாறியது என்று கேட்டார்கள், எழுத்தாளர் டெக்னீஷியன் சொன்னதை விவரித்துக்கொண்டே போக, பேச்சு அவர்கள் அலுவலகப் பேக்கப் எங்கே இருக்கிறது என்ற பக்கம் திரும்பிவிட்டது. அரை மணி நேரம் தேவைப்படவில்லை. 87 என்பது எந்த வகை எண் என்ற கேள்விக்கு மட்டும் கடைசிவரை பதில் வரவில்லை. பழைய வரைவுகளைப் போட்டுப் பார்த்ததாகவும், அதில் இரண்டு 60 சதவீதத்தைத் தாண்டியதாகவும் இளைய எடிட்டர் பிறகு தனியாகச் சொன்னார். அந்த வரைவுகளில் ஒன்று தலைவரே எழுதியதாம்.

இன்வாய்ஸ் முழுதாக வந்தது. மன்னிப்பு எதுவும் வரவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆனால் அடுத்த வேலைக்கு வந்த ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு பிரிவு: எந்தக் கட்டுரையும் டிடெக்டரில் 15 சதவீதத்துக்குக் கீழ் வர வேண்டும். எந்த டிடெக்டர் என்றுகூட இல்லை. அவர் அதை அடித்துவிட்டு இப்படி எழுதி அனுப்பினார்: "கட்டுரையின் எழுத்தை ஏஐ மூலம் உருவாக்கவில்லை என்று எழுத்தாளர் உறுதியளிக்கிறார். பயன்படுத்திய திருத்தக் கருவிகளை ஒப்படைக்கும்போது தெரிவிப்பார். சந்தேகம் எழுந்தால் வரைவுகள், குறிப்புகள், திருத்த வரலாறு ஆகியவற்றைக் காட்டுவார். தானியங்கி டிடெக்டரின் முடிவை மட்டும் காரணமாக வைத்துக் கட்டுரையை நிராகரிக்கவோ பணத்தை நிறுத்தவோ முடியாது." கடைசி வாக்கியத்தை எடுக்கச் சொல்லி ஒருமுறை கேட்டார்கள், அவர் மறுத்தார், கையெழுத்திட்டார்கள். மற்ற எழுத்தாளர்களின் ஒப்பந்தத்தில் 15% அப்படியே இருக்கிறது.